இரண்டு படுக்கைகளுக்கு நடுவே: தீக்காய வார்டில் கட்டு மாற்றும் முறை குறித்து ஓர் ஆய்வு

கேள்வி

சிவகாசியைச் சுற்றிய பட்டாசு ஆலைகளில் வெடி விபத்து நிகழும்போது முதல் நாள் செய்தியில் இறந்தவர்களின் எண்ணிக்கை வருகிறது. அடுத்த நாள்களில் அந்த எண்ணிக்கை ஒவ்வொன்றாக ஏறுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்திலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பின் இறந்தவர்கள் உண்டு. வெடித்த கணத்தில் நேரும் மரணத்துக்கும் வார்டில் பல நாள் கழித்து நேரும் மரணத்துக்கும் காரணங்கள் வேறு. முதல் இரண்டு நாள்களைத் தாண்டிய தீக்காய நோயாளியின் உயிருக்குப் பெரிய ஆபத்து தொற்றுதான். அந்தத் தொற்று புண்ணுக்குள் நுழைய மிக வாய்ப்பான நேரம் புண் திறக்கப்படும் நேரம், அதாவது கட்டு மாற்றும் நேரம். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே: கட்டு மாற்றும்போது கிருமி எந்த வழியாக வருகிறது, அந்த வழியை அடைக்க ஒரு சாதாரண அரசு வார்டில் எதை முதலில் மாற்ற வேண்டும்?

இதற்கு வழக்கமான பதில் கையுறை, முகக்கவசம், நல்ல கிருமிநாசினி என்று ஒரு பட்டியலாக வரும். அந்தப் பட்டியலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அதில் முதன்மை எது, துணை எது என்ற வரிசை இல்லை. தீக்காய வார்டில் தொற்றுப் பரவலின் மையம், இரண்டு படுக்கைகளுக்குப் பொதுவாக இருக்கும் பொருள்களே என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரே டிரம், ஒரே களிம்பு டப்பா, ஒரே டிராலி, ஒரே குழாய், ஒரே ஏப்ரன் ஆகியவற்றைப் பிரித்துவிட்டால் மற்ற விதிகள் பயன் தரும். பிரிக்காவிட்டால் எவ்வளவு நல்ல கையுறையும் வீணாகும். பதிவேடு என்பதும் இந்தப் பொதுமையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியாக இருக்க வேண்டும் என்பது வாதத்தின் இரண்டாம் பகுதி.

முன்னோர் கண்டவை

கட்டு மாற்றும் அறையை ஆய்வுக்கு உட்படுத்தியவர்களில் முன்னோடி லியோனார்ட் கோல்புரூக். பிரசவக் காய்ச்சலுக்கு சல்ஃபா மருந்து பயன்படும் என்று காட்டியவர் அவரே. 1940களில் அவர் தீக்காயத்தின் பக்கம் திரும்பினார். பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையில், வடிகட்டிய காற்று உள்ளே தள்ளப்படும் தனி அறையில் மட்டுமே கட்டுகளைத் திறப்பது என்ற ஏற்பாட்டைச் செய்தார். அதே இடத்தில் எட்வர்ட் லோபரி அந்த ஏற்பாட்டை 1950களில் ஒப்பீட்டு ஆய்வாகவே நடத்தினார். கட்டைப் பிரிக்கும்போது காய்ந்த சீழும் தோல் செதில்களும் காற்றில் பறக்கின்றன, அவை அடுத்த புண்ணில் இறங்குகின்றன என்பது அவர்களின் பார்வை. கோல்புரூக் அதோடு நிற்கவில்லை. குழந்தைகள் கணப்பில் விழாதபடி அடுப்புகளுக்குக் காப்புச் சட்டம் வேண்டும் என்று போராடினார். 1952இல் பிரிட்டனில் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. கிருமியை எண்ணிய அதே மனிதர் நெருப்பின் மூலத்தையும் கவனித்தார் என்பது பட்டாசு மாவட்டம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

பின்வந்த புரிதல் காற்றிலிருந்து கைக்கும் நீருக்கும் நகர்ந்தது. தீக்காய வார்டுகளை அலைக்கழிக்கும் சூடோமோனாஸ் கிருமி ஈரத்தை விரும்புவது. குழாய் வாய், வடிகால், ஈரத் துடைப்பான், கிருமிநாசினிக் குப்பியின் அடிமண்டி எல்லாம் அதன் வீடுகள். நோயாளிகளைத் தொட்டியில் அமிழ்த்திக் கழுவும் பழைய முறை பல நாடுகளில் கைவிடப்பட்டதற்குக் காரணம், ஒருவரின் கிருமி அந்தத் தொட்டி வழியே மற்றவருக்குப் போனதுதான். அசினெட்டோபாக்டர் வேறு இயல்புடையது. காய்ந்த பரப்பிலும் பல நாள் உயிரோடு இருக்கும் அது கட்டில் கம்பியிலிருந்தும் டிராலித் தட்டிலிருந்தும் கையேறி வரும். முதல் சில நாள்களில் புண்ணில் தென்படுபவை பெரும்பாலும் நோயாளியின் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள். ஏறக்குறைய ஒரு வாரம் கடந்ததும் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்றவை இடம் பிடிக்கின்றன. முதல் வகை பெரும்பாலும் நோயாளியோடு வந்தது. இரண்டாவது வகையில் கணிசமான பங்கு வார்டு கொடுத்தது. நம்மால் தடுக்கக்கூடிய பங்கும் இதுவே.

இதற்கு எதிராக எடுத்து வைக்கப்படும் சான்றுகளும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட முடியாது. கனடாவில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வு, 816 நோயாளிகளின் சாதாரண வெட்டுக்காயங்களைத் தைக்கும்போது கிருமி நீக்கிய கையுறையையும் பெட்டியிலிருந்து எடுத்த சாதாரணச் சுத்தக் கையுறையையும் ஒப்பிட்டது. தொற்று விகிதம் முறையே 6.1 விழுக்காடும் 4.4 விழுக்காடும். அதாவது விலை கூடிய கையுறையால் ஆதாயம் தெரியவில்லை. காயத்தைக் குடிநீர்த் தரமுள்ள குழாய்நீரால் கழுவினாலும் சலைனால் கழுவினாலும் தொற்றில் வேறுபாடு தெரியவில்லை என்று காக்ரேன் தொகுப்பாய்வுகளும் சொல்கின்றன. இவற்றைப் படித்துவிட்டு ‘அவ்வளவு கெடுபிடி எதற்கு’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஆய்வுகளின் காயம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். அது ஒருமுறை தைத்து மூடப்படும் காயம். இரத்த ஓட்டம் உள்ள திசு, வீட்டுக்குப் போய்விடும் நோயாளி. தீக்காயம் நேர்மாறானது. கருகிய திசுவில் இரத்த ஓட்டம் இல்லை. மருந்தும் வெள்ளணுவும் அங்கே போய்ச் சேராது. அது வாரக்கணக்கில் திறந்தே இருக்கிறது, நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் திறக்கப்படுகிறது, பக்கத்துப் படுக்கையிலும் அதே போன்ற புண் இருக்கிறது. குழாய்நீர் விஷயத்தில் ‘குடிநீர்த் தரம்’ என்ற நிபந்தனையை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். கோடையில் லாரித் தண்ணீர் ஏற்றிய மேல்தொட்டி நீர் அந்த நிபந்தனையை நிறைவேற்றும் என்று யாரும் உறுதி கூற முடியாது. அதே சமயம் கையுறை ஆய்வு நமக்கு ஒன்றைச் சரியாகவே கற்றுத் தருகிறது. கையுறை கிருமி நீக்கியதா என்பதைவிட அது எதைத் தொட்டுவிட்டு வருகிறது என்பதே பெரிது. பழைய கட்டை அவிழ்த்த கையுறையோடு டிரம்முக்குள் கைவிட்டால் அது எந்த உறையிலிருந்து வந்திருந்தாலும் ஒன்றுதான்.

டிரம், டப்பா, குப்பி

டிரஸ்ஸிங் டிரம் என்பது நம் வார்டுகளின் மிகப் பழைய கருவி. பக்கச்சுவரில் துளைகளும் அவற்றை மூடித் திறக்கும் பட்டையும் கொண்ட வட்ட எஃகுப் பெட்டி அது. காஸ் துணி, பஞ்சுத் திண்டு, சுருள் கட்டு எல்லாம் ஒன்றாக அடுக்கி ஆட்டோகிளேவில் வைக்கப்படும். வைக்கும்போது துளைகள் திறந்திருக்க வேண்டும், எடுத்ததும் மூடப்பட வேண்டும். திறக்க மறந்தால் நீராவி உள்ளே புகாது. மூட மறந்தால் காற்று புகும். இரண்டு தவறுகளும் வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது. துணியை அமுக்கி அடைத்திருந்தால் நடுவில் இருக்கும் அடுக்குக்கு ஆவி எட்டாது. 121 டிகிரி செல்சியஸில் பொதி கட்டிய துணிக்கு 30 நிமிடம் என்பது ஆவி உள்ளே எட்டிவிட்டதாக வைத்துச் சொல்லும் கணக்கு. பெட்டியில் ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு வந்துவிட்டது என்பது வெளிப்புறம் சூடு பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. உள்ளே நடுவில் ஒரு வேதிக் காட்டி அட்டை வைத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது வெப்பம் தாங்கும் ஜியோபேசில்லஸ் வித்துக்களைக் கொண்டு ஆட்டோகிளேவைச் சோதிக்க வேண்டும். வெளியே எடுத்த துணி ஈரமாக இருந்தால் அதைக் கிருமி நீக்கியதாகக் கருதவே கூடாது. ஈரத் துணி வெளிப்பரப்பின் கிருமியைத் திரிபோல் உள்ளே உறிஞ்சிவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த டிரம்மை வார்டுக்குக் கொண்டுவந்து மூடி திறந்ததும் ஒரு புதுச் சிக்கல் தொடங்குகிறது. கிருமிநாசினி நிரம்பிய உயரக் குவளையில் நிற்கும் சீட்டில் ஃபோர்செப்ஸால் முதல் நோயாளிக்குத் துணி எடுக்கப்படுகிறது. பத்தாவது நோயாளிக்கும் அதே ஃபோர்செப்ஸ், அதே டிரம். இடையே ஒருமுறை துணி போதவில்லை என்று, புண்ணைத் தொட்ட கையுறையோடு அந்த ஃபோர்செப்ஸ் பிடிக்கப்பட்டால் அதன் கைப்பிடி அசுத்தமாகிறது. அடுத்தவர் சுத்தக் கையால் அதைப் பிடிக்கிறார். அந்தத் தவறு நிகழ்ந்த கணம் யாருக்கும் தெரியாது, செய்தவருக்கே தெரியாது. பொதுப் பொருளின் கேடு இதுதான்: ஒருவரின் ஒரு நொடித் தவறு பத்துப் பேருக்கும் பங்கிடப்படுகிறது. தனிப் பொதியில் அதே தவறு நடந்தால் அது அந்த ஒரு நோயாளியோடு நிற்கும்.

களிம்பு டப்பா இதைவிட மோசம். சில்வர் சல்ஃபாடையசின் 1968இல் அறிமுகமான நாளிலிருந்து தீக்காய வார்டின் அடையாளமே அந்த வெள்ளைக் களிம்பு என்றாகிவிட்டது. மேலோட்டமான புண்களில் அது ஆறுதலைத் தாமதப்படுத்துகிறது என்பது இப்போது பலமாகக் கூறப்படுகிறது. அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய டப்பாவில் கையுறை விரல் விட்டு அள்ளுவது என்ற பழக்கம் எந்தக் களிம்பையும் கிருமி ஏற்றும் ஊடகமாக மாற்றிவிடும். கிருமிநாசினியே கிருமி சுமக்காதா என்ற கேள்விக்கும் வரலாற்றில் பதில் உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், உற்பத்தியிலேயே மாசுபட்ட போவிடோன் அயோடின் கரைசலில் சூடோமோனாஸ் செபேசியா உயிரோடு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அயோடினிலேயே இது நிகழுமானால், கழுவாமல் மேலே மேலே ஊற்றி நிரப்பப்படும் வார்டுக் குப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சிறிய குப்பி, திறந்த தேதி எழுதிய சீட்டு, மீந்ததைக் கொட்டிவிட்டுப் புதுக் குப்பி என்ற மூன்றும் செலவு அதிகம் இல்லாத மாற்றங்கள்.

ஒரு கட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை

முறையை ஒரு நோயாளியின் மீது வைத்துப் பார்ப்போம். இவர் கணக்குக்காக அமைத்துக்கொண்ட நோயாளி. மருந்துக் கலவை தீப்பற்றி, இரு முன்கைகளும் உள்ளங்கை விரல்கள் உட்பட முழுதாகவும் முகமும் வெந்த பெண் தொழிலாளி, விபத்தின் மூன்றாம் நாள். பட்டாசு விபத்தில் கையும் முகமும் முதலில் வேகும். கலவை இருப்பது கைக்கெட்டும் தூரத்தில். லண்ட் பிரௌடர் கணக்குப்படி முன்கை ஒவ்வொன்றும் 3 விழுக்காடு, கைப்பகுதி ஒவ்வொன்றும் 2.5 விழுக்காடு. ஆக இரு கைகளும் 11 விழுக்காடு, முகம் 3.5 விழுக்காடு. உடற்பரப்பு 1.5 சதுர மீட்டர் என்று கொண்டால் இரு கைகளின் புண்பரப்பு 1,650 சதுர செ.மீ. 10 செ.மீ. சதுரமான பாரஃபின் காஸ் 17 துண்டுகள் வேண்டும். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிய, 22 என்று எடுத்து வைக்கலாம். முகம் பெரும்பாலும் கட்டப்படாமல், மெல்லிய களிம்புப் பூச்சோடு திறந்தே விடப்படும். இந்தக் கணக்கை முன்கூட்டியே செய்வது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. பாதியில் துணி போதாமல் போவதுதான் டிரம் நோக்கி அசுத்தக் கை நீளும் தருணம். சரியாக எண்ணி எடுத்த பொதி அந்தத் தருணத்தையே இல்லாமல் செய்கிறது.

வலிமருந்தும் தொற்றுத் தடுப்பின் பகுதிதான். வாய்வழி மருந்தானால் கட்டு அவிழ்ப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் முன்பே கொடுத்திருக்க வேண்டும். வலி தாங்காமல் கையை வெடுக்கென்று இழுக்கும் நோயாளியைக் கொண்டு எந்தச் சுத்தப் பரப்பையும் காப்பாற்ற முடியாது. படுக்கை உதறுதல், தரை துடைத்தல் இரண்டும் முடிந்து அரை மணி நேரமாவது ஆன பிறகே கட்டைத் திறக்க வேண்டும். மேல்விசிறியை நிறுத்த வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் கோடையில் இது கொடிய கட்டளை என்பதை மறுக்க முடியாது. தனி அறை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் காலை வெயில் ஏறும் முன் கட்டுகளை முடிப்பது ஒரு வழி. கோல்புரூக்கின் வடிகட்டிய காற்று நமக்கு இல்லை. தூசியைக் கிளப்பாமல் இருப்பது நம் கையில் உள்ளது.

செய்வதற்கு இருவர் வேண்டும். ஒருவர் புண்ணைத் தொடுபவர், மற்றவர் தொடாதவர். தொடாதவர் பொதியை விரிப்பார், சலைன் ஊற்றுவார், குப்பியைப் பிடிப்பார், டிராலியைத் தொடுவார். தொடுபவரின் கை டிராலிக்கு வராது. இந்த ஒரே பிரிவினை நூறு அறிவுரைகளுக்குச் சமம். இருவரும் மெல்லிய பிளாஸ்டிக் ஏப்ரன் அணிந்திருப்பார்கள். நோயாளி மாறும்போது ஏப்ரனும் மாறும். தீக்காய நோயாளியின் கையைத் தாங்கிப் பிடிக்கும்போது அது செவிலியரின் வயிற்றுப் பகுதியில்தான் சாய்கிறது. கையைக் கழுவிவிட்டு அதே ஏப்ரனோடு அடுத்த படுக்கைக்குப் போனால் கழுவியது பயன்படாது. கடிகாரம், மோதிரம், முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒலிக்கும் கைபேசி எல்லாம் இந்த நேரத்தில் விலக்கப்பட வேண்டியவை.

வேலை இரண்டு கட்டமாகப் பிரிகிறது. முதல் கட்டம் அசுத்தக் கட்டம். கையில் ஆல்கஹால் தேய்த்து, சாதாரணச் சுத்தக் கையுறை அணிந்து, பழைய கட்டை அவிழ்க்க வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியை வெடுக்கென்று பிய்க்கக் கூடாது. சலைனில் நனைத்து ஊறவிட்டு எடுக்க வேண்டும். பிய்த்தால் புதிதாக முளைத்த தோலும் கூட வரும். வரும் இரத்தத்தில் கிருமி உணவு காணும். அவிழ்த்த துணி நேரே மஞ்சள் பைக்குப் போகும். கையுறை சிவப்புப் பைக்கு. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின் நிறப் பிரிவு இதுவே. பை படுக்கை அருகே இருக்க வேண்டும். அழுக்குத் துணியைத் தட்டில் ஏந்தி வார்டின் கடைசிவரை நடப்பது கிருமியை ஊர்வலம் கொண்டுபோவதற்குச் சமம்.

இங்கே நிறுத்தம். கையுறை கழற்றி, 20 முதல் 30 நொடி ஆல்கஹால் தேய்த்து, கிருமி நீக்கிய கையுறை அணிந்து இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. எந்த விதியும் மிக எளிதில் மீறப்படும் இடம் இந்த நிறுத்தம்தான். புண் திறந்திருக்கிறது, நோயாளி வலியில் இருக்கிறார், சீக்கிரம் மூடிவிடலாம் என்று மனம் சொல்லும். உடல்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய சலைன், கைக்கு 500 மி.லி. குப்பி ஒன்று. சுத்தமான பகுதியிலிருந்து அசுத்தமான பகுதிக்கு, ஒரு துண்டு ஒரு துடைப்புக்கு மட்டும். மிச்சமிருக்கும் சலைனை மூடி வைக்காமல் கொட்டிவிட வேண்டும். பிறகு பாரஃபின் காஸ், அதன் மேல் உறிஞ்சும் காஸ் திண்டு, மேலே சுருள் கட்டு. விரல்களைத் தனித்தனியே சுற்ற வேண்டும். இடையில் காஸ் வைக்காமல் சேர்த்துக் கட்டினால் விரலிடுக்குகள் ஒட்டிக்கொள்ளும். தொற்று வந்தாலும் இதே கேடுதான், இன்னும் மோசமாக. மேலோட்டமான புண் ஆழமாகும், ஆழமான புண் தோல் ஒட்டுக்குப் போகும், ஒட்டிய தோல் சுருங்கும். விரல் மடக்க முடியாத கை திரி கட்டவும் சரம் பின்னவும் உதவாது. இந்த ஊரில் அது ஒரு குடும்பத்தின் வருமானத்தைப் பற்றிய விஷயம்.

எந்த வரிசையில் படுக்கைகளுக்குப் போவது? புதிதாக வந்தவர், தொற்று இல்லாதவர் முதலில். சீழ் உள்ளவர் பிறகு. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி கண்டறியப்பட்டவர் கடைசியில். படுக்கை எண் வரிசையில் போவது நிர்வாகத்துக்கு வசதி. கிருமிக்கும் அதுவே வசதி.

எதைப் பார்த்து அறிவது

தீக்காயத்தில் தொற்றை அடையாளம் காண்பது எளிதல்ல. காய்ச்சல் மட்டும் போதிய சான்றாகாது. பெரிய தீக்காய நோயாளியின் உடல் தொற்று இல்லாமலே சூடேறி, நாடி வேகம் பிடித்து இருக்கும். அதனால்தான் அமெரிக்கத் தீக்காயச் சங்கம் 2007இல் வகுத்த அளவுகோலில் 39 டிகிரிக்கு மேல் அல்லது 36.5க்குக் கீழ் என்று எல்லை வழக்கத்தைவிடத் தள்ளி வைக்கப்பட்டது. புண்ணையே கூர்ந்து பார்ப்பது கூடுதல் பயன் தரும். பச்சை கலந்த கசிவும் இனிப்பு கலந்த நெடியும் சூடோமோனாஸைக் காட்டும். நேற்று இளஞ்சிவப்பாக இருந்த இடம் இன்று கறுத்தோ ஊதா நிறமாகவோ மாறுவது, மேலோட்டமான புண் ஆழமாவது, கருகிய தோல் எதிர்பார்த்ததற்கு முன்பே பிரிவது, சுற்றியுள்ள நல்ல தோலில் சிவப்பு பரவுவது ஆகியவை எச்சரிக்கைகள். இவை எல்லாம் ‘நேற்றைவிட’ என்ற ஒப்பீட்டில் மட்டுமே தெரிபவை. நேற்றைய புண் எழுத்தில் இல்லாவிட்டால் இன்றைய செவிலியர் எதோடு ஒப்பிடுவார்?

பரிசோதனைக்குச் சுவாப் எடுக்கும் முறையிலும் ஒரு பரவலான பிழை உண்டு. மேலே தேங்கிய சீழைத் தொட்டு எடுத்து அனுப்பினால் மேலே மிதக்கும் எல்லாக் கிருமியும் வளரும். திசுவில் நோய் செய்வது எது என்று தெரியாது. முதலில் சலைனால் கழுவி, கசிவைத் துடைத்துவிட்டு, உயிருள்ள திசுவில் ஒரு சதுர செ.மீ. இடத்தில் அழுத்திச் சுழற்றி எடுக்க வேண்டும். லெவின் முறை என்று அழைக்கப்படும் இது நேரம் அதிகம் கேட்பதில்லை. வரிசை மட்டும் மாற வேண்டும்.

பதிவேடு

பல வார்டுகளின் கேஸ் ஷீட்டில் கட்டு மாற்றியதற்கு இருக்கும் சான்று ‘டிரஸ்ஸிங் செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரிதான். வேலை நடந்தது என்பதைச் சொல்லும் அந்த வரி, எப்படி நடந்தது என்பதை மறைத்துவிடுகிறது. ஒரு பயனுள்ள பதிவில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை: நேரமும் அன்றைய வரிசையில் அது எத்தனையாவது கட்டு என்பதும், தொடுபவர், தொடாதவர் இருவரின் கையொப்பமும், பொதியின் தேதியும் ஆட்டோகிளேவ் சுற்று எண்ணும், களிம்பு அல்லது கரைசல் திறந்த தேதியும், பழைய கட்டு மேல்வரை நனைந்திருந்ததா என்பதும், புண்ணின் நிறமும் நெடியும் விளிம்பும், சுவாப் எடுத்திருந்தால் அதன் விவரமும். வழக்கமாக விடுபடுவன முதலும் மூன்றாவதும் நான்காவதும். இவை மூன்றுமே நோயாளியைப் பற்றியவை அல்ல, வரிசையையும் பொருளையும் பற்றியவை. அதனால்தான் தேவையற்றவை என்று தோன்றுகின்றன.

இதன் பயனை ஒரு கணக்காக வைத்துப் பார்க்கலாம். 12 படுக்கை வார்டில் நான்கு நாள்களுக்குள் 3, 5, 8 ஆகிய படுக்கைகளில் பச்சைக் கசிவு தோன்றுகிறது என்று கொள்வோம். இவை பக்கத்துப் படுக்கைகள் அல்ல. ஒற்றை வரிப் பதிவேடு இருந்தால் விசாரணை என்ற பெயரில் யாராவது ஒரு செவிலியர் கண்டிக்கப்படுவார். முழுப் பதிவேடு இருந்தால் மூன்று பேருக்கும் பொதுவானது எது என்று தேடலாம். கட்டியவர்கள் வேறு வேறு. பொதிகளின் சுற்று எண்கள் வேறு. அவற்றில் ஒரு சுற்றில் வந்த பொதி 6ஆம் படுக்கைக்கும் போயிருக்கிறது, அங்கே தொற்று இல்லை. ஆனால் மூவருக்கும், மூவருக்கு மட்டுமே, ஒரே தேதியில் திறந்த கரைசல் பயன்பட்டிருக்கிறது. அந்தக் குப்பியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவு வரும்வரை அந்தக் கரைசலை மற்றவர்களுக்குப் பயன்படுத்தாமல் நிறுத்தலாம். பழி சுமத்துவதை நிறுத்தி மூலத்தைத் தேட வைக்கும் ஆற்றல் அந்த ஒரு கட்டத்துக்கு, ‘திறந்த தேதி’ என்ற கட்டத்துக்கு, இருக்கிறது.

மறுப்புகள்

தனிப் பொதி, தனி ஏப்ரன், இருவர் வேலை, நிறுத்தம் என்று அடுக்கினால், இரவுப் பணியில் ஒரே செவிலியர் இருக்கும் வார்டில் இது நடக்குமா என்பது முதல் மறுப்பு. இது நியாயமான கேள்வி. நேரத்தைக் கணக்கிட்டே பதில் சொல்ல வேண்டும். ஒரு கட்டுக்கு ஐந்து முறை கை தேய்ப்பதாகக் கொண்டால், ஒவ்வொன்றும் 30 நொடி, மொத்தம் இரண்டரை நிமிடம். 12 நோயாளிகளுக்கு அரை மணி நேரம். ஒருமுறைக்கு 3 மி.லி. என்றால் கட்டுக்கு 15 மி.லி., நாளைக்கு 180 மி.லி. ஆல்கஹால் கரைசல். கை சுத்தத்துக்கான விலை இவ்வளவே. இரண்டாமவர் பயிற்சி பெற்ற பணியாளராகவோ செவிலிய மாணவராகவோ இருக்கலாம். அவர் புண்ணைத் தொடப் போவதில்லை. ஆள் பற்றாக்குறையை நெறிமுறையால் தீர்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவசரமில்லாத கட்டுகளைப் பகலுக்கு மாற்றுவதும், ஒவ்வொரு நாளும் திறக்கத் தேவையில்லாத புண்களை மூடி வைப்பதும் இருக்கும் ஆளைக் கொண்டே செய்யக்கூடியவை.

கடைசியாகச் சொன்னது முக்கியமானது. ஒட்டாத, சில நாள் அப்படியே இருக்கும் மூடுபொருள்கள் புண்ணைத் திறக்கும் எண்ணிக்கையையே குறைக்கின்றன. திறக்காத புண்ணில் வார்டுக் கிருமி நுழைய வழியில்லை. சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கொலாஜன் படலம் இந்த வகையைச் சேர்ந்தது. கிருமி நீக்கிய வாழையிலையைக் கட்டுப்பொருளாகப் பயன்படுத்திய இந்திய ஆய்வுகள் 2003இல் வெளியாயின. வாசலின் காஸை விட அவிழ்க்கும்போது வலி குறைவு என்று அவை காட்டின. இரண்டுக்கும் நிபந்தனை உண்டு. அடியில் தொற்று இருக்கும் புண்ணை மூடினால் சீழ் மறைந்து தேங்கும். படலத்துக்குக் கீழே திரவம் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். சேர்ந்தால் எடுத்துவிட வேண்டும். வாழையிலையும் ஆட்டோகிளேவ் செய்து தனிப் பொதியாக வந்தால்தான் மருந்து.

ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் இந்தக் கவலை எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. இரத்த ஓட்டம் இல்லாத கருகிய திசுவுக்கு ஊசி மருந்து போய்ச் சேராது என்று முன்பே பார்த்தோம். தொற்று வரும் முன்பே தடுப்பாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எளிய கிருமிகளை ஒழித்து, கட்டுப்படாத கிருமிக்கு இடம் காலி செய்து கொடுக்கிறது. பிறகு அந்தக் கிருமி பொது டிரம் வழியே அடுத்தவருக்குப் போகும்போது, அவருக்குக் கொடுக்க மருந்தே மீந்திருக்காது.

நாற்பது பேர் ஒன்றாக வரும் நாள்

முதலிப்பட்டி போன்ற நாளில் இந்த முறை என்ன ஆகும்? அன்று இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்கள் கூட இல்லை. வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டார மக்கள். அப்படிப்பட்ட நாளில் முழு நெறிமுறையை எதிர்பார்ப்பது அறியாமை. அன்றைய நாளுக்குத் தனிச் சுருக்கம் எழுதி வைத்திருக்க வேண்டும். எரிந்த உடையையும் நகையையும் களைவது, வெதுவெதுப்பான நீரால் மண்ணையும் மருந்துத் தூளையும் கழுவுவது, டெட்டனஸ் ஊசி, சுத்தமான காய்ந்த துணியாலோ மெல்லிய பிளாஸ்டிக் படலத்தாலோ மூடுவது, உடல் குளிராமல் போர்த்துவது. களிம்பு பூசக் கூடாது. சிவகாசியிலிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை 70 கி.மீ.க்கு மேல். அங்கே போய்ச் சேர்ந்தவுடன் புண்ணின் ஆழத்தை மருத்துவர் மறுபடி மதிப்பிட வேண்டும். வெள்ளைக் களிம்பு அதை மறைத்துவிடும், அதை வழித்தெடுப்பதே இன்னொரு திறப்பு, இன்னொரு வேதனை.

அன்றும் கைவிட முடியாதது ஒன்று உண்டு. மூடிய துணியின் மேலேயே ஒட்டும் பட்டையில் நேரமும், எதனால் கழுவியது, எதனால் மூடியது என்ற இரண்டு சொற்களும், டெட்டனஸ் போட்டாயிற்றா என்பதும் பேனாவால் எழுதப்பட்டிருக்க வேண்டும். கேஸ் ஷீட் ஆம்புலன்ஸில் தவறலாம், உறவினர் கையோடு போகலாம். கட்டின் மேல் எழுதியது நோயாளியோடு போய்ச் சேரும். மதுரையில் அதை அவிழ்க்கும் செவிலியர் கத்தரியை எடுக்கும் முன் அதைப் படிப்பார்.